கொள்ளிடக் கரையில் ஒரு தாய் முதலை: வருணனை உரை எழுதுவது குறித்து

கேள்வி: நான் சிதம்பரம் பக்கம். புதுச்சேரியில் காட்சி ஊடகம் படிக்கிறேன். பழைய கொள்ளிடத்து முதலை கூட்டைக் காவல் காத்து, குஞ்சுகளை வாயில் கவ்வித் தண்ணீருக்குக் கொண்டுபோவதைப் பற்றி 10 நிமிட ஆவணப்படம் எடுக்கிறோம். வருணனை உரை என் பொறுப்பு. எதைச் சொல்வது, எதை விடுவது, எந்தத் தகவல் சரி என்று விளக்கமாகச் சொல்ல முடியுமா ஐயா?

பதில்: முதலில் அளவைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். நிதானமாக வாசிக்கப்படும் தமிழ் வருணனை நிமிடத்திற்கு 80 சொற்களைத் தாண்டினாலே காட்சியை மிதிக்கத் தொடங்கிவிடும் என்பது என் அனுபவம். 10 நிமிடப் படத்திற்கு 500 சொற்கள் போதும். மீதி நேரம் கரையின் ஒலிக்கு உரியது. இந்தப் படத்தில் ஒலியை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. முட்டையிட்ட நாளிலிருந்து குஞ்சுகள் தண்ணீரைத் தொடும் இரவு வரை தாயையும் முட்டையையும் இணைக்கும் இழை, மண்ணுக்கு அடியிலிருந்து எழும் ஒரு கத்தல்தான். அந்தக் கத்தலைப் பார்வையாளர் காதால் கேட்கும் நிலைக்கு அவரைத் தயார் செய்வதும், அது கேட்டவுடன் வாயை மூடிக்கொள்வதுமே உங்கள் உரையின் வேலை.

எழுத உட்காருவதற்கு முன் எந்த முதலை என்பதில் உறுதியாக இருங்கள். பழைய கொள்ளிடத்திலும் அதை ஒட்டிய வாய்க்கால்களிலும் இருப்பது நன்னீர் முதலை. சதுப்பு நில முதலை என்றும் எழுதுகிறார்கள். பிச்சாவரத்துச் சதுப்புக் காடு அருகில் இருப்பதால் இதை உப்புநீர் முதலை என்று எழுதிவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது வேறு இனம். ஒடிசாவின் பிதர்கனிகா போன்ற கழிமுகங்களில் வாழ்வது. இந்த வேறுபாடு உங்கள் படத்திற்கு மிக நேரடியாகப் பொருந்தும், ஏனென்றால் இரண்டும் கூடு கட்டும் முறையே வேறு. உப்புநீர் முதலை இலைதழைகளையும் சேற்றையும் வாரிக் குவித்து மேடாகக் கூடு அமைக்கும். நம் நன்னீர் முதலை கரைச் சரிவில் குழி தோண்டி முட்டையிட்டு மூடிவிடும். வெளியே பார்ப்பதற்குக் கூடு என்று ஒன்றும் தெரியாது. படத்தொகுப்பின்போது இணையத்திலிருந்து ஒரு காட்சியை எடுத்து இடையில் செருக நேர்ந்தால், அதில் இலைக்குவியல் மேட்டின் மீது முதலை படுத்திருந்தால் அந்தக் காட்சி உங்களுக்கு உதவாது. ஆப்பிரிக்காவின் நைல் முதலையும் குழி தோண்டுவதுதான் என்பதால் அந்தக் காட்சிகளைச் செருகுவது எளிதில் கண்ணுக்குத் தப்பும். ஆனால் முகத்தைப் பாருங்கள்: நம் முதலையின் முகவாய் அகன்று குட்டையாக இருக்கும், நைல் முதலையும் உப்புநீர் முதலையும் சேர்ந்த குரோக்கடைலஸ் பேரினத்திலேயே மிக அகலமானது இதுதான்.

இனிக் காலம். தமிழ்நாட்டில் இந்த முதலை பெரும்பாலும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, அதாவது மாசி, பங்குனியை ஒட்டி முட்டையிடுகிறது. முட்டை பொரிக்க ஏறத்தாழ 55 முதல் 75 நாட்கள் ஆகும். உங்கள் படத்தில் வரும் தாய் மார்ச் இரண்டாம் வாரம் முட்டையிட்டதாகக் கொண்டால் குஞ்சுகள் மே மாதம் கத்திரி வெயிலில் வெளிவரும். ஆற்றில் நீர் சுருங்கி, மடுக்களில் மட்டும் தேங்கி நிற்கும் பருவம் அது. நீர் குறைந்த காலத்தில் முட்டை மண்ணுக்குள் இருப்பதில் ஒரு பாதுகாப்பு உண்டு: வெள்ளம் வந்து கூட்டை மூழ்கடிப்பதற்குள் குஞ்சுகள் வெளியேறிவிடுகின்றன. ஓட்டின் நுண்துளைகள் வழியாகத்தான் உள்ளே இருக்கும் கரு மூச்சு விடுகிறது. கூடு நீரில் மூழ்கினால் அது மூச்சடைத்து இறந்துவிடும். கோடை மழை வலுத்து மடு நிரம்பும் ஆண்டுகளில் தாழ்வாக அமைந்த கூடுகள் இப்படித்தான் அழிகின்றன.

படம் தொடங்கும் இரவுக்கு நான் எழுதுவதாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

“பங்குனி இரவு. பகல் முழுவதும் மடுவில் கிடந்த பெண் முதலை கரையேறுகிறது. நெய்வேலிக் காட்டாமணக்குப் புதருக்கும் தண்ணீருக்கும் இடையே உள்ள சரிவில், சில இடங்களில் மண்ணைக் கீறிப் பார்த்து விட்டுவிடுகிறது. ஓரிடத்தில் மட்டும் நிற்கிறது. பின்னங்கால்களால் தோண்டத் தொடங்குகிறது.”

இதில் ஒவ்வொரு சொல்லும் சரிபார்க்கத் தக்கது. முட்டையிடுவதற்குத் தோண்டுவது பின்னங்கால்களால். கூட்டைத் திறக்கும்போது தோண்டுவது முன்னங்கால்களால். சோதனைக் குழிகள் தோண்டி விட்டுவிடுவதும் உண்மையான நடத்தை. அதைப் பார்த்துவிட்டு ‘முதலை இடம் பிடிக்காமல் தவிக்கிறது’ என்று எழுத வேண்டியதில்லை. குழியின் ஆழம் ஏறத்தாழ அரை மீட்டருக்குள் இருக்கும். வாய் குறுகி உள்ளே அகன்றோ சற்று வளைந்தோ போகும். பெரும்பாலும் 25 முதல் 30 முட்டைகள். இளம் தாய் குறைவாகவும் பெரிய தாய் 40-க்கு மேலும் இடுவது உண்டு. முட்டை ஓடு கடினமானது, வெண்மையானது. வாத்து முட்டையைவிடப் பெரியது. முட்டையிட்டு முடித்தபின் மண்ணைத் தள்ளி மூடி, பின்னங்கால்களால் மிதித்து இறுக்கி, மேல்மண்ணை உடம்பால் சமப்படுத்திவிடும். மறுநாள் காலையில் அந்த வழியாக ஆடு ஓட்டிச் செல்பவருக்குக்கூட அங்கே எதுவும் தெரியாது. தண்ணீரிலிருந்து அந்த இடத்திற்கு வந்துபோகும் வழுவழுப்பான இழுவைத் தடம் ஒன்று மட்டும் நாளடைவில் ஆழமாகிக்கொண்டே போகும். ஒளிப்பதிவாளரிடம் அந்தத் தடத்தை எடுக்கச் சொல்லுங்கள். தாய் கண்ணில் படாத நாட்களிலும் அவள் வந்து போவதைக் காட்டுவது அதுதான்.

கூட்டைத் தோண்டி முட்டைகளைக் காட்டலாமா என்ற எண்ணம் குழுவில் யாருக்காவது வரும். வராமல் இருக்காது. அதற்கு இரண்டு பதில்கள் உண்டு. முதலாவது சட்டம்: நன்னீர் முதலை 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது, ஊர்வனவற்றின் முட்டையையோ கூட்டையோ கலைப்பதையே அந்தச் சட்டம் வேட்டை என்று வரையறுக்கிறது. இரண்டாவது உயிரியல்: முட்டையிட்ட முதல் நாளுக்குள் கரு மேலெழுந்து ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்கிறது. அதன்பிறகு முட்டையைப் புரட்டினால் கரு பிய்ந்து இறந்துபோகும். கோழி தன் முட்டைகளைப் புரட்டிக்கொண்டே அடைகாப்பதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது வியப்பாக இருக்கலாம். கரு ஒட்டிய இடத்தில் ஓட்டின் நடுவே ஒளிபுகா வெண்பட்டை ஒன்று தோன்றி, நாள் செல்லச் செல்ல இரு முனைகளையும் நோக்கி அகலும். பண்ணைகளில் கருவுள்ள முட்டையை இந்தப் பட்டையைப் பார்த்தே அடையாளம் காண்கிறார்கள். பட்டை விழாத முட்டை கூழ்முட்டை. முட்டைக் காட்சி வேண்டுமென்றால் முதலைகளை வளர்த்து ஆய்வு செய்யும் இடத்தில் உரிய அனுமதியோடு எடுத்து, அங்கே எடுத்தது என்பதைத் திரையில் எழுதிவிடுங்கள். வடநெம்மேலியில் 1976-இல் ரோமுலஸ் விட்டேக்கரும் ஸாய் விட்டேக்கரும் தொடங்கிய முதலைப் பண்ணை உங்களுக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே இருக்கிறது.

காவல் பகுதிக்கு வருவோம். பெரும்பாலான உரைகள் சரிவது இங்கேதான். ‘பசி, தாகம் மறந்து இரவும் பகலும் இமை கொட்டாமல்’ என்று எழுதத் தோன்றும். தாய் முதலை அப்படிக் கூட்டின் மேலேயே கிடப்பதில்லை. பகலின் பெரும்பகுதியைக் கூட்டுக்கு அருகே நீரில், கண்ணும் மூக்கும் மட்டும் வெளியே தெரியக் கழிக்கும். இரவில் கரையேறிக் கூட்டருகே படுக்கும். அருகே ஏதாவது அசைந்தால் நீரிலிருந்து பாய்ந்து வரும், வாயைப் பிளந்து சீறும். எல்லாத் தாய்களும் ஒரே அளவில் காப்பதும் இல்லை. சில விடாமல் துரத்தும், சில மனிதர் வந்தால் நீருக்குள் இறங்கிவிடும். உங்கள் தாய் என்ன செய்கிறது என்பதை மட்டும் எழுதுங்கள். இனம் முழுவதும் இப்படித்தான் என்று பொதுமைப்படுத்தாதீர்கள்.

கூட்டைத் தேடி வருபவை உடும்பு, கீரி, நரி, காட்டுப்பன்றி, ஊர்ப்பக்கம் என்றால் தெருநாயும்தான். இவற்றில் உடும்புக்கு நீங்கள் தனி இடம் கொடுக்கலாம். அது நாக்கை நீட்டி மண்ணை மோந்துகொண்டே வரும். தாய் நீரில் சற்றுத் தள்ளி இருக்கும் நேரத்தில் நுழைந்து தோண்டும். கூடு சூறையாடப்பட்டதா இல்லையா என்பதைத் தடயம் பார்த்தே சொல்லிவிடலாம். உடும்போ நரியோ தோண்டிய கூட்டில் ஓடுகள் ஒழுங்கில்லாமல் சிதறி, மஞ்சள் கரு வழிந்து காய்ந்து, எறும்பு மொய்த்துக் கிடக்கும். தாயே திறந்த கூட்டில் அகலமான குழியும், காகிதம்போல் காய்ந்த உட்சவ்வு ஒட்டிய வெற்று ஓடுகளும், குழியிலிருந்து நீர்வரை நீளும் இழுவைத் தடமும் இருக்கும். ஒருவேளை நீங்கள் படம் எடுக்கும் கூடு பறிபோய்விட்டால் அதையும் உரையில் சொல்லுங்கள். அதை மறைத்துவிட்டு வேறு கூட்டின் குஞ்சுகளை இதே தாயினுடையவை என்று காட்டுவதைவிட, படத்தைப் பாதியில் நிறுத்துவது மேல்.

வருணனைக்கு இப்படி ஒரு பத்தி அமையலாம்:

“அவள் கூட்டைச் சூடாக்குவதில்லை. அந்த வேலையைச் சூரியனும் மண்ணும் செய்கின்றன. அவள் செய்வது, வருபவற்றைத் தடுப்பது மட்டும். உடும்பு ஒன்று சரிவில் இறங்குகிறது. நீரில் எந்த அசைவும் இல்லை. உடும்பு மண்ணைக் கீறத் தொடங்கும்போதுதான், அந்த நீர் எவ்வளவு அருகில் இருந்தது என்று நமக்குத் தெரிகிறது.”

அடைகாப்பதில்லை என்ற முதல் வரி மிகவும் தேவை. அது இல்லாவிட்டால் பார்வையாளர் பறவையின் கணக்கிலேயே படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதோடு, அந்த வரி இன்னொரு தகவலுக்குக் கதவு திறக்கிறது. குஞ்சு ஆணா பெண்ணா என்பதை நன்னீர் முதலையில் முடிவு செய்வது மண்ணின் வெப்பம். ஆய்வகத்தில் 28 முதல் 31 டிகிரி செல்சியஸில் தொடர்ந்து வைத்த முட்டைகளிலிருந்து பெண் குஞ்சுகளே வந்தன, 32.5 டிகிரியில் ஆண் குஞ்சுகள் வந்தன. அதாவது ஒரு குழியின் மேல்மட்டத்திற்கும் அடிமட்டத்திற்கும் இடையே ஒன்றிரண்டு டிகிரி வேறுபாடு இருந்தாலே விளைவு மாறக்கூடும். இந்த எண்களை வருணனையில் வைக்கச் சொல்லவில்லை. ‘இந்தக் கோடையின் வெப்பமே குஞ்சுகளில் எத்தனை ஆண், எத்தனை பெண் என்பதைத் தீர்மானிக்கிறது’ என்ற ஒரே வாக்கியம் போதும்; காட்டில் வெப்பம் இரவும் பகலும் ஏறி இறங்குவதால் அதற்கு மேல் துல்லியமாகச் சொல்வது பொய்யாகிவிடும்.

காவல் பகுதியில் மனிதரையும் விட்டுவிட முடியாது. பழைய கொள்ளிடக் கரை ஊர்களில் துணி துவைக்கவும் குளிக்கவும் மாட்டைக் கழுவவும் துறைக்கு இறங்கியவர்கள் முதலை கடித்து இறந்திருக்கிறார்கள். ஊருக்குள் வரும் முதலைகளை வனத்துறையினர் பிடித்து வக்காரமாரி நீர்த்தேக்கத்தில் விட்டுவருகிறார்கள். இதை ஒரு நிமிடம் நேராகச் சொல்லிவிட்டுக் கடந்துவிடுங்கள். அந்தக் கரையில் வாழ்பவருக்கு முதலை ஓர் அழகிய தாய் மட்டும் அல்ல என்பதை உங்கள் உரை அறிந்திருக்க வேண்டும். சிதம்பரம் பக்கத்துப் பெண்ணான உங்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. கூட்டுக்கு அருகே போகிற மனிதரை அந்தப் பருவத்தில் தாய் விரட்டுவது இயல்பு என்பதால், உங்கள் குழுவும் வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதியும் வனப் பணியாளர் ஒருவரின் துணையும் இல்லாமல் கரையில் இறங்கக் கூடாது. தூரத்திலிருந்து நீள்வில்லையில் எடுங்கள், அல்லது தானியங்கிக் கேமராவைப் பொருத்திவிட்டு விலகுங்கள்.

இனி அந்தக் கத்தல். பொரிக்கும் நாள் நெருங்கும்போது முட்டைக்குள்ளிருந்தே குஞ்சுகள் குரல் கொடுக்கத் தொடங்குகின்றன: மூக்கொலி கலந்த, குறுகிய, அடுக்கடுக்கான கத்தல். நைல் முதலையில் இதைச் சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2008-இல் வெளியானது. பொரிக்கும் தருவாயில் இருந்த முட்டைகளுக்கு இந்தக் கத்தலின் பதிவைக் கேட்கச் செய்தபோது, உள்ளிருந்த குஞ்சுகள் பதில் குரல் கொடுத்தன, ஓட்டுக்குள் அசைந்தன, பொரிக்கவும் செய்தன. வெறும் இரைச்சலைக் கேட்கச் செய்த முட்டைகளில் அப்படி நடக்கவில்லை. தாய்களுக்கு மண்ணுக்கு அருகே வைத்து அதே கத்தலைக் கேட்கச் செய்தபோது பெரும்பாலானவை தோண்டத் தொடங்கின. ஆக, கத்தல் இரண்டு வேலைகளைச் செய்கிறது. உடன்பிறப்புகளை ஒரே நேரத்தில் வெளிவரத் தூண்டுகிறது, தாயை வரவழைக்கிறது. ஒன்று முந்தி, ஒன்று பிந்தி என்று பல நாட்கள் வெளிவந்தால் தாயால் காக்க முடியாது. கூட்டமாக வந்தால்தான் ஒரே இரவில் எல்லாவற்றையும் நீரில் சேர்க்க முடியும்.

தாய் வராவிட்டால் என்ன ஆகும் என்பதையும் இங்கேயே சொல்ல வேண்டும். குஞ்சின் மூக்கு நுனியில் முட்டைப்பல் என்ற சிறு கடினப் புடைப்பு இருக்கிறது. அதைக் கொண்டு சவ்வைக் கிழித்து ஓட்டை உடைக்கும். ஓட்டைத் தாண்டுவது வேறு, இரண்டு மாத வெயிலில் காய்ந்து இறுகிய கரைமண்ணைத் தாண்டுவது வேறு. மணற்பாங்கான கூட்டிலிருந்து சில குஞ்சுகள் தாமாகவே வெளியேறலாம். களிமண் கலந்த படுகையில் பெரும்பாலானவை உள்ளேயே இறந்துவிடும். தாய் செய்யும் இந்தத் தோண்டல் எவ்வளவு இன்றியமையாதது என்பதைப் பார்வையாளர் உணர வேண்டிய இடம் இது. இதற்குப் பிறகு நீங்கள் உணர்ச்சியைச் சேர்க்கத் தேவையில்லை.

“மே மாதம். கரைமண் இறுகிவிட்டது. கூட்டின் மேல் தலையைச் சாய்த்துக் கிடக்கிறாள். அடியிலிருந்து ஒரு குரல் வருகிறது. ஒன்றுக்கு ஒன்று பதில் சொல்கிறது. முட்டைகள் இன்னும் உடையவில்லை.”

இதற்குப் பின் குறைந்தது 40 விநாடிகள் வருணனை வேண்டாம். ஒலிப்பதிவாளர் அந்தக் கத்தலைத் தெளிவாகப் பிடித்திருந்தால் இசையும் வேண்டாம். கத்தல் சரியாகப் பதிவாகவில்லை என்றால் பூனைக்குட்டியின் ஒலியையோ பறவைக் குஞ்சின் ஒலியையோ அந்த இடத்தில் வைத்து ஒப்பேற்றாதீர்கள். முதலைப் பண்ணையில் எடுத்த உண்மையான பதிவைப் பயன்படுத்தி, அதையும் இறுதி அட்டையில் குறிப்பிடுங்கள்.

தாய் முன்னங்கால்களால் மண்ணைப் பறித்து, முகவாயால் கிளறிக் கூட்டைத் திறக்கிறது. இங்கிருந்து அதன் வாயைப் பற்றி உங்கள் உரை துல்லியமாகப் பேச வேண்டும். முதலை தன் குஞ்சையே தின்றுவிடும் என்ற நம்பிக்கை நம் ஊர்களில் மட்டுமல்ல, முதலை உள்ள பல நாடுகளில் நெடுநாள் இருந்தது. தூரத்திலிருந்து பார்த்தவர்கள் குஞ்சு தாயின் வாய்க்குள் போவதைப் பார்த்தார்கள். திரும்ப வருவதைப் பார்க்கவில்லை. எனவே ‘கவ்வுகிறது’ என்று ஒரு சொல்லில் கடந்துவிடாமல், நடப்பதைப் படிப்படியாகக் காட்டுங்கள். தாடைகளின் முன்நுனியால் ஒரு குஞ்சைப் பக்கவாட்டில் பற்றி எடுக்கும். தலையைச் சற்று உயர்த்தி உதறினாற்போல் அசைத்துக் குஞ்சை உள்ளே நகர்த்தும். அதே நேரத்தில் நாக்கைக் கீழே அமுக்கிக்கொள்வதால் கீழ்த்தாடையின் அடிப்பகுதி தொங்கி ஒரு பையாக மாறும்; குஞ்சுகள் அதில் கிடக்கும். தொண்டையின் வாயிலில் உள்ள மடிப்பு மூடிக்கொள்வதால் குஞ்சு உள்ளே வழுக்கிப் போவதில்லை. நீருக்கு அடியில் வாயைத் திறக்கும்போது நீர் உள்ளே புகாமல் காப்பதும் இதே மடிப்புதான். ஒன்றிரண்டோடு நிறுத்தாமல் பல குஞ்சுகளைச் சேர்த்துக்கொண்டு நடக்கும். பல்வரிசைக்கு இடையே ஒரு சிறு வாலும் ஒரு தலையும் தெரிந்துகொண்டிருக்கும். அந்த நெருங்கிய காட்சி கிடைத்தால் அதுதான் உங்கள் படத்தின் மையம்.

எலும்பை நொறுக்கும் தாடை எப்படி ஒரு குஞ்சை நசுக்காமல் பற்றுகிறது என்று பார்வையாளர் கேட்பார். முதலையின் தாடை ஓரமெங்கும் கரும்புள்ளிகளாகத் தெரிபவை தொடு உணர்வு உறுப்புகள். நைல் முதலையிலும் அமெரிக்க அலிகேட்டரிலும் செய்த ஆய்வுகள், அவை மனித விரல்நுனியைவிட நுட்பமாக அழுத்தத்தை உணர்வதாகக் காட்டின. நீரில் இரை எழுப்பும் சிற்றலையை அறியவும், வாய்க்குள் இருப்பதன் மீது எவ்வளவு அழுத்தம் விழுகிறது என்று அறியவும் ஒரே உறுப்பு உதவுகிறது. பொரிக்கத் தாமதமாகும் முட்டையைத் தாய் நாக்குக்கும் மேலண்ணத்திற்கும் இடையே மெல்ல உருட்டி ஓட்டை நெரித்து உடைத்துக் குஞ்சை விடுவிப்பதும் உண்டு. கேமராவில் இந்தக் காட்சி பதிந்தால், அதைத் தாய் முட்டையைத் தின்பதாக நினைத்துத் தொகுப்பில் வெட்டி எறிந்துவிடாதீர்கள். காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்: தின்பதாக இருந்தால் தலையை மேலே தூக்கி விழுங்கும் அசைவு வரும், உடைப்பதாக இருந்தால் தலை தாழ்ந்தே இருக்கும், சற்று நேரத்தில் வாயிலிருந்து ஓட்டுத் துண்டோ குஞ்சோ வெளிவரும். கூழ்முட்டைகளையும் இறந்தவற்றையும் சில தாய்கள் விழுங்கிவிடுவதும் உண்மை. அதைக் கண்டால் அப்படியே சொல்லுங்கள்.

இந்த இடத்தில் அவிநாசிக் கதையைக் கொண்டுவர ஒரு சபலம் ஏற்படும்: சுந்தரர் பாட, முதலை தான் விழுங்கிய பிள்ளையைத் திருப்பித் தந்த கதை. வாயிலிருந்து குழந்தை மீள்வது என்ற ஒற்றுமை கவர்ச்சியானதுதான். ஆனால் அந்தக் கதையில் முதலை விழுங்கியது. இங்கே விழுங்கவே இல்லை. நானாக இருந்தால் விட்டுவிடுவேன்.

“அவள் நாக்கை அமுக்கிக்கொள்கிறாள். தாடைக்குக் கீழே ஒரு பை விழுகிறது. முதல் குஞ்சு உள்ளே. இரண்டாவது. அடுத்தது வெளியே நழுவுகிறது, மீண்டும் எடுக்கிறாள். இழுவைத் தடத்தில் இறங்கி, நீர் தாடையைத் தொடும் வரை நடக்கிறாள். வாயைத் திறந்து, தலையை இருபுறமும் அசைக்கிறாள். குஞ்சுகள் நீந்துகின்றன. அவள் மீண்டும் கரையேறுகிறாள்.”

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். தாய் ஒரே நடையில் முடிப்பதில்லை. கூட்டுக்கும் நீருக்கும் இடையே திரும்பத் திரும்பப் போய்வரும். படத்தில் ஒரு நடையை முழுமையாகக் காட்டிவிட்டு மற்றவற்றைச் சுருக்கலாம், ஆனால் ஒரே நடைதான் என்ற தோற்றம் வரக் கூடாது. சில குஞ்சுகள் தாமாகவே சரிவில் ஓடி நீரில் இறங்கிவிடும். அவையும் தாயால் சுமக்கப்பட்டவை என்று எழுதிவிடாதீர்கள். இன்னொன்று: கேமராவில் கூட்டருகே இன்னொரு பெரிய முதலை வந்தால் உடனே அதை எதிரி என்று எழுதாதீர்கள். வடநெம்மேலிப் பண்ணையில் நன்னீர் முதலையின் ஆணும் கூட்டைத் திறந்து குஞ்சுகளை வாயில் எடுத்து நீருக்குக் கொண்டுசெல்வதைக் கவனித்துப் பதிவு செய்திருக்கிறார்கள். முதலை இனங்களில் ஆணின் பங்கு இவ்வளவு தெளிவாகக் காணப்பட்டது அரிது. உங்கள் கேமராவில் வருவது தந்தையா அயலானா என்பதை, தாய் அதை எப்படி நடத்துகிறது என்பதை வைத்தே ஓரளவு ஊகிக்க முடியும்: விரட்டினால் அயலானாக இருக்கலாம், பொறுத்துக்கொண்டால் அந்த மடுவின் ஆணாக இருக்கலாம். உரையிலும் ‘இருக்கலாம்’ என்ற சொல்லை விடாதீர்கள்.

நீருக்குள் சேர்ந்த பின் உரை சுருங்க வேண்டும். அப்போதைய குஞ்சு ஓர் அடிக்குச் சற்றுக் குறைவான நீளம். வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு மிச்சம் இருப்பதால் முதல் சில நாட்கள் இரை கிடைக்காவிட்டாலும் தாங்கும். பிறகு பூச்சி, தலைப்பிரட்டை, சிறு மீன் என்று பிடிக்கத் தொடங்கும். குஞ்சுகள் ஆகாயத்தாமரைக்கும் கோரைக்கும் இடையே கூட்டமாகவே இருக்கும். தாய் அருகே கிடக்கும். கொக்கோ பருந்தோ விரால் மீனோ ஒன்றைப் பிடித்தால் அது எழுப்பும் அபயக் குரல் வேறு மாதிரி ஒலிக்கும். அதைக் கேட்டுத் தாய் விரையும். இந்தக் காவல் சில வாரங்களோ சில மாதங்களோ நீடிக்கும். அத்தனைக்குப் பிறகும் பெரும்பாலான குஞ்சுகள் பெரிய முதலையாவதில்லை. இதை ஒரே வரியில் சொல்லி முடியுங்கள். ‘ஆயினும் தாய் முயன்றாள்’ என்ற தொனியில் இன்னொரு வரியைச் சேர்த்தால் அது உங்கள் விருப்பமே தவிர, அந்தக் கரையில் நடந்தது அல்ல.

எழுதி முடித்தவுடன் உரையை உரக்க வாசித்து, ‘பாசம்’, ‘தியாகம்’, ‘கண்ணீர்’, ‘கொடூரம்’ ஆகிய சொற்கள் இருக்கும் வாக்கியங்களைத் தேடுங்கள். அந்த ஒவ்வொரு வாக்கியத்திற்கும் பதிலாக, முதலை உடம்பின் எந்த உறுப்பால் என்ன செய்தது என்று எழுத முடிகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் முடியும். ‘அவள்’ என்று எழுதுவதை நான் தடுக்கவில்லை. மேலே நானும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன், பத்து நிமிடம் ஓர் உயிரை ‘அது’ என்றே சொல்லிக்கொண்டிருந்தால் பார்வையாளர் விலகிவிடுவார். முதல் வாசிப்பைக் குரல் கொடுப்பவரிடம் தருவதற்கு முன், சிதம்பரம் வனச்சரகத்தில் முதலை பிடிக்கப் போன அனுபவமுள்ள பணியாளர் ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். எந்தக் கரையில் இலையும் மண்ணும் எப்படி இருக்கும், எந்த மாதத்தில் எந்த மடு வற்றும் என்பதில் உங்கள் உரையும் நான் சொன்னவையும் தவறியிருந்தால் அவர் உடனே பிடித்துவிடுவார்.